இரண்டரைக் கோடி ஏன் ஒன்பது வருடத்துக்கும் போதாது: ஓய்வுக்காலச் சேமிப்பை இன்றைய ரூபாவில் கணக்கிடுவது எப்படி?

திருகோணமலை பாலையூற்றில் சொந்த வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கணவருக்கு 40 வயது, மனைவிக்கு 35, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். தனியார் துறை என்பதால் பென்சன் இல்லை. 60 வயதில் வேலையை விட்டபின் மாதம் 70,000 ரூபா இருந்தால் இருவரும் சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்.

அவர் இரண்டு கணக்குப் போடுகிறார். முதலாவது, தேவை: மாதம் 70,000 வீதம் 30 வருடத்துக்கு 2 கோடி 52 இலட்சம் ரூபா. இரண்டாவது, வரவு: கையில் இருக்கும் 25 இலட்சமும் மாதா மாதம் சேரும் 18,400 ரூபாவும் 9 சதவீத வட்டியில் 20 வருடம் வளர்ந்தால் 2 கோடி 53 இலட்சம் ரூபா. வரவு தேவையை விட ஒரு இலட்சம் கூட. சரி, போதும் என்று கொப்பியை மூடிவிடுகிறார்.

இரண்டு பெருக்கலிலும் பிழை இல்லை. ஆனால் விலைவாசி வருடத்துக்கு 6.5 சதவீதம் ஏறினால், அந்த 2 கோடி 53 இலட்சம் அவருக்கு 69 வயது ஆகும் முன்பே தீர்ந்துவிடும். மனைவிக்கு அப்போது 64 கூட ஆகியிருக்காது. தேவையை இன்றைய ரூபாவிலும் வரவை 20 வருடம் கழித்து வரும் ரூபாவிலும் எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பிழை.

## குறைந்தது பணவீக்கம், விலை அல்ல

ஓய்வுக்காலக் கணக்கைக் குழப்புவதில் செய்திகளுக்கும் பங்கு உண்டு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், அது 1.3 சதவீதம். "பணவீக்கம் விழுந்தது" என்ற தலைப்பைப் பார்த்தவர்கள் சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பும் என்று காத்திருந்தார்கள். அது திரும்பவில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் ஏற்றம் மெதுவாகும், அவ்வளவுதான். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியதை 2023 செப்டெம்பரில் வாங்க ஏறத்தாழ 172 ரூபா தேவைப்பட்டது.

அதே காலத்தில் ஊழியர் சேமலாப நிதியில், அதாவது ஈ.பி.எப்.பில், கிடந்த பணத்துக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். 2022க்கு 9 சதவீதமும் 2023க்கு 13 சதவீதமும் வட்டி போடப்பட்டது. 2021 முடிவில் கணக்கில் 100 ரூபா இருந்தவருக்கு 2023 முடிவில் 123 ரூபா இருந்தது. ஆனால் 2021 டிசெம்பரில் 100 ரூபாவாக இருந்த சாமான் கூடை, 2023 டிசெம்பரில் ஏறக்குறைய 163 ரூபா. 123 ரூபாவை வைத்து அந்தக் கூடையில் முக்கால்வாசிதான் வாங்கலாம். கணக்கு அறிக்கையில் தொகை ஏறியிருக்கிறது, வாங்கும் சக்தியில் கால்வாசி போய்விட்டது. இதை எந்த அறிக்கையும் ஒரு வரியில் எழுதிக் காட்டாது. நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

## உண்மை வட்டி

வங்கியோ நிதியமோ அறிவிக்கும் வட்டிக்குப் பெயரளவு வட்டி என்று பெயர். விலை ஏற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவது உண்மை வட்டி. ஓய்வுக்காலக் கணக்கில் நமக்கு வேண்டியது இரண்டாவது.

9 சதவீத வட்டியும் 6.5 சதவீதப் பணவீக்கமும் இருந்தால், பலரும் 9இலிருந்து 6.5ஐக் கழித்து 2.5 என்பார்கள். நெருங்கிய விடைதான், ஆனால் சரியான வழி வகுப்பது. 100 ரூபா ஒரு வருடத்தில் 109 ஆகிறது. 100 ரூபாக் கூடை 106.50 ஆகிறது. 109ஐ 106.50ஆல் வகுத்தால் 1.0235. அதாவது முன்பு ஒரு கூடை வாங்கிய பணம் இப்போது 1.0235 கூடை வாங்கும். உண்மை வட்டி 2.35 சதவீதம். கொஞ்சம் குறைத்து 2.3 என்று எடுத்துக்கொள்வோம். இருபது, முப்பது வருடக் கணக்கில் கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள இந்தச் சின்ன வித்தியாசமும் சில இலட்சங்களாக வளரும்.

ஏன் 9, ஏன் 6.5 என்று கேட்கலாம். ஈ.பி.எப். 2020, 2021, 2022 மூன்று வருடமும் 9 சதவீதம் கொடுத்தது. 2023இல் 13, 2024இல் 11. உயர்ந்த இரண்டு வருடத்தைப் பார்த்து 20 வருடக் கணக்கை எழுதக்கூடாது என்பதால் 9. பணவீக்கத்துக்கு மத்திய வங்கி வைத்திருக்கும் இலக்கு 5 சதவீதம். இலக்கு எப்போதும் கைகூடாது என்பதால் ஒன்றரை கூட்டி 6.5. இவை என் தெரிவுகள். உங்களுக்கு வேறு எண் சரியென்று பட்டால் அதைப் போடலாம். ஆனால் வட்டிக்கு நல்ல வருடத்து எண்ணையும் பணவீக்கத்துக்கும் நல்ல வருடத்து எண்ணையும் சேர்த்து எடுக்கவேண்டாம். 2023இல் 13 சதவீத வட்டி கிடைத்ததற்குக் காரணமே, அதற்கு முந்தைய வருடத்து விலையேற்றத்தை அடக்க நாட்டின் வட்டி வீதங்கள் எல்லாம் உயர்த்தப்பட்டதுதான்.

உண்மை வட்டியில் கணக்குப் போட்டால் எல்லா எண்ணும் இன்றைய ரூபாவிலேயே நிற்கும். 20 வருடம் கழித்து ஒரு கிலோ அரிசி என்ன விலை என்று ஊகிக்கத் தேவையில்லை. கிடைக்கும் விடையை இன்றைய சந்தை விலையோடு அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## கணக்கு, படிப்படியாக

1. ஓய்வுக்காலச் செலவு. இந்தக் குடும்பத்தின் இன்றைய மாதச் செலவு 102,000 ரூபா. அதை அப்படியே எடுக்கக்கூடாது, "எழுபது சதவீதம்" என்று பொதுவாக வெட்டவும் கூடாது. வரி வரியாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் ரியூஷன், பள்ளிக்கூட வான் எல்லாம் சேர்த்து 22,000. அது நிற்கும். மோட்டார் சைக்கிள் லீசிங் 18,000. அதுவும் நிற்கும். மிஞ்சுவது 62,000. இதனோடு மருந்து, கிளினிக், சிலநேரம் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்க் காட்டவேண்டிய வைத்தியம் என்று 8,000 கூட்டினால் 70,000. ஆக அவர் சொன்ன எண் நியாயமானதுதான். வருடத்துக்கு 840,000 ரூபா. வீடு சொந்தம் என்பதால் வாடகை இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தப் படியிலேயே கணக்கு வேறாகிவிடும்.

2. எத்தனை வருடம். இங்கே பெரும்பாலும் கணவரின் வயதை மட்டும் பார்ப்பார்கள். பணம் தேவைப்படுவது இருவரில் இளையவர் இருக்கும்வரை. கணவர் 60இல் ஓய்வு பெறும்போது மனைவிக்கு 55. அவர் 85 வரை இருப்பார் என்று வைத்தால் 30 வருடம். மனைவி பெயரில் தனியாக ஈ.பி.எப். இல்லாத குடும்பத்தில் இந்த 30ஐக் குறைக்க வழியில்லை.

3. 60 வயதில் கையில் இருக்கவேண்டிய தொகை. ஓய்வு பெற்றபின் பணம் ஈ.பி.எப்.பில் தொடர்ந்து இருப்பதில்லை. அது மொத்தமாகக் கிடைக்கும், பென்சனாக மாதா மாதம் வராது. பெரும்பாலானோர் அதை நிலையான வைப்பில் போடுவார்கள். அதற்கு 7.5 சதவீதம் என்று வைத்தால், 6.5 சதவீதப் பணவீக்கத்தோடு உண்மை வட்டி ஏறத்தாழ 1 சதவீதம். வருடத் தொடக்கத்தில் 840,000 எடுத்து, மிச்சம் 1 சதவீதத்தில் வளர்ந்து, 30 வருடத்தில் சரியாகத் தீரவேண்டும் என்றால் தேவை 2 கோடி 19 இலட்சம் ரூபா. இது இன்றைய ரூபா. எக்செல் இல்லாதவர் வருடச் செலவை 26ஆல் பெருக்கினால் போதும்.

4. கையில் இருப்பது எவ்வளவாகும். ஈ.பி.எப்.பில் 18 இலட்சம், ஊழியர் நம்பிக்கை நிதியத்தில், அதாவது ஈ.டி.எப்.பில், 2 இலட்சம், நிலையான வைப்பில் 5 இலட்சம். மொத்தம் 25 இலட்சம். எல்லாவற்றுக்கும் ஒரே வட்டி வராது, ஆனாலும் எளிமைக்காக எல்லாம் 2.3 சதவீத உண்மை வட்டியில் வளர்கிறது என்போம். 20 வருடத்தில் 39 இலட்சத்து 40 ஆயிரம்.

5. மாதா மாதம் சேர்வது எவ்வளவாகும். அவருடைய அடிப்படைச் சம்பளம் 80,000. அதில் ஈ.பி.எப்.புக்கு அவர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், ஈ.டி.எப்.புக்கு முதலாளி 3 சதவீதம். மொத்தம் 23 சதவீதம், 18,400 ரூபா. மேலதிக நேர வேலைக்கு வரும் 25,000க்கு இந்தப் பங்களிப்பு இல்லை. பலர் கையில் வாங்கும் மொத்தப் பணத்துக்கும் 23 சதவீதம் சேர்வதாக நினைத்து ஏமாறுவது இதில்தான். வருடத்துக்கு 220,800 ரூபா, 20 வருடத்தில் 55 இலட்சத்து 30 ஆயிரம் ஆகும்.

நாலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து 94 இலட்சத்து 70 ஆயிரம். தேவை 2 கோடி 19 இலட்சம். குறை 1 கோடி 24 இலட்சம்.

எக்செல்லில் பார்க்க விரும்புபவர்களுக்கு:

```
=PV(0.01,30,-840000,0,1)
=FV(0.023,20,-220800,-2500000)
=PMT(0.023,20,0,-12430000)/12
```

முதல் வரி தேவை. இரண்டாவது வரவு. மூன்றாவது, அந்தக் குறையை அடைக்க மாதம் இன்னும் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பது. அதன் விடை 41,400 ரூபா. 80,000 அடிப்படைச் சம்பளக்காரருக்கு இது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் கணக்கை இந்த இடத்தில் விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் இன்னும் சில வரவுகள் கணக்குக்குள் வரவில்லை.

அதற்கு முன் ஐந்தாவது படியில் ஒளிந்திருக்கும் ஒரு நிபந்தனையைச் சொல்லவேண்டும். 18,400 ரூபா 20 வருடமும் இன்றைய மதிப்பிலேயே இருக்கும் என்று எடுத்திருக்கிறோம். அதாவது விலைவாசி ஏறும் அளவுக்குச் சம்பளமும் வருடா வருடம் ஏறவேண்டும். சம்பளம் ஏறாமல் அதே 18,400 மட்டும் சேர்ந்துகொண்டிருந்தால்தான் தொடக்கத்தில் பார்த்த 2 கோடி 53 இலட்சம் வரும். அதை இன்றைய ரூபாவுக்கு மாற்றினால் 72 இலட்சம்தான். 20 வருடத்தில் விலைகள் மூன்றரை மடங்காகும் என்பதால் அதை 3.52ஆல் வகுக்கிறோம். அன்றைக்கு மாதச் செலவு 70,000 அல்ல, 2 இலட்சத்து 47 ஆயிரம்.

## குறையை எதைக்கொண்டு நிரப்பலாம்?

பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடமாவது வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். இவர் 30 வயதில் சேர்ந்து 60 வரை அதே இடத்தில் இருந்தால் 15 மாதச் சம்பளம், இன்றைய ரூபாவில் 12 இலட்சம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால், சம்பளம் விலையோடு ஏறியிருந்தால் பணிக்கொடையும் தானாக ஏறியிருக்கும். பணவீக்கம் தின்ன முடியாத அரிய தொகைகளில் இது ஒன்று. ஆனால் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை கம்பனி மாறுபவருக்குப் பழைய இடங்களின் பணிக்கொடை அன்றைய சின்னச் சம்பளத்தில் கிடைத்து, பெரும்பாலும் அப்போதே செலவாகிவிடும்.

தனிச் சேமிப்பு. ஈ.பி.எப். பிடித்தபின் அவர் கைக்கு வரும் 73,600, மேலதிக வேலை 25,000, மனைவியின் தையல் வருமானம் 20,000. மொத்தம் 118,600. செலவு போக மிஞ்சுவது 16,600. கோயில் திருவிழா, கல்யாண வீடு, திடீர்ச் செலவு என்று கொஞ்சம் விட்டுவைத்து 10,000 சேமிக்கலாம். அதையும் வருடா வருடம் விலைவாசியோடு உயர்த்திக்கொண்டு போனால் 60 வயதில் 30 இலட்சம்.

லீசிங் முடிந்தபின். இன்னும் 3 வருடத்தில் லீசிங் முடியும் என்போம். தவணை 18,000 என்று எழுதி வைத்தது. விலை ஏறினாலும் அது ஏறாது. எனவே 3 வருடம் கழித்து அந்த 18,000 இன்றைய 15,000க்குச் சமம். கடன் வாங்கியவருக்குப் பணவீக்கம் உதவி செய்யும் இடம் இது. அந்தப் பணத்தை இன்னொரு வாகனத்துக்குத் திருப்பாமல் 17 வருடம் சேமிப்பில் போட்டால் ஏறக்குறைய 37 இலட்சம். இந்தக் குடும்பத்தின் கணக்கில் இதைவிடப் பெரிய ஒற்றை முடிவு வேறு இல்லை. மூன்று வருடம் கழித்து எடுக்கப்போகும் அந்த முடிவு, ஓய்வுக்காலத்தில் நாலு வருடத்துக்கும் மேலான சாப்பாடு.

இவ்வளவும் சேர்ந்தால் வரவு 1 கோடி 73 இலட்சத்து 60 ஆயிரம். குறை 45 இலட்சமாகிறது.

60க்குப் பிறகு கொஞ்ச வேலை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியது. கணக்குத் தெரிந்த ஒருவர் அதன்பின் இரண்டு மூன்று கடைகளின் கணக்கைப் பார்த்து, 65 வரை மாதம் 40,000 சம்பாதித்தால் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டிய தொகை 23 இலட்சத்து 50 ஆயிரம் குறையும். ஆனால் இதை நம்பியே திட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பு ஒத்துழைத்தால்தான் இது நடக்கும், உடம்பு ஒத்துழைக்காத வருடத்தில்தான் செலவும் கூடும்.

அதையும் சேர்த்தபின் குறை 22 இலட்சம். அதை மாதச் செலவாக மாற்றினால் 7,000 ரூபா. பாலையூற்று வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுவதா, 70,000ஐ 63,000 ஆக்குவதா, அல்லது அந்த 7,000ஐப் பிள்ளைகள் தருவார்கள் என்று எடுப்பதா என்பதை அந்த வீட்டார் பேசி முடிவு செய்யவேண்டும். எதைத் தெரிவு செய்தாலும், 41,400 என்ற எண்ணைப் பார்த்து மலைத்தவர் இப்போது 7,000 என்ற எண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

## இந்தக் கணக்கு எங்கே சறுக்கும்?

முதலாவது, பணவீக்க எண். 6.5க்குப் பதில் 7.5 என்று போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் சேமிப்புக் காலத்து உண்மை வட்டி 1.4 ஆகக் குறைகிறது, ஓய்வுக்காலத்தில் அது பூச்சியமாகிறது. தேவை 2 கோடி 52 இலட்சமாக ஏறும், நாலாம் ஐந்தாம் படிகளின் வரவு 84 இலட்சமாக இறங்கும். ஒரே ஒரு சதவீதம் மாறியதற்குக் குறை 44 இலட்சம் கூடுகிறது. ஆகவே ஒரே விடையோடு நிற்காமல், 5.5, 6.5, 7.5 என்று மூன்று தடவை போட்டு, மூன்று விடையையும் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, அதிர்ச்சி எப்போது வருகிறது என்பது. சராசரி 6.5 என்றாலும் அது வருடா வருடம் ஒழுங்காக வருவதில்லை. 2022, 2023 போல வாங்கும் சக்தியில் கால்வாசி போகும் ஒரு காலம் இவருடைய 41ஆவது வயதில் வந்தால் அடிபடுவது கையில் இருக்கும் 25 இலட்சம். பின்னால் சம்பளமும் ஏறிவிட்டால் மிச்ச 19 வருடப் பங்களிப்புக்குப் பாதிப்பில்லை. 60 வயதில் இதன் நட்டம் 10 இலட்சத்துக்குள். அதே அதிர்ச்சி 59இல் வந்தால் அடிபடுவது 94 இலட்சம் முழுவதும். 12 வருடத்துக்குப் போதுமாக இருந்த பணம் 9 வருடத்துக்கும் எட்டாமல் போகும். சீர் செய்யச் சம்பளமும் இராது, காலமும் இராது. ஓய்வை நெருங்கும் கடைசி ஐந்து வருடத்தில் இந்தக் கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கவேண்டியது இதனால்தான். 2022இல் ஓய்வு பெற்றவர்கள் சந்தித்தது சரியாக இதைத்தான், அவர்களுடைய சேமிப்புப் பழக்கத்தில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாவது, இடையில் எடுப்பது. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ ஈ.பி.எப். நிலுவையில் 30 சதவீதம் வரை முன்கூட்டியே பெற வழி உண்டு. இவர் 18 இலட்சத்தில் 30 சதவீதம், அதாவது 5 இலட்சத்து 40 ஆயிரம், இன்று எடுத்தால் 60 வயதில் 8 இலட்சத்து 50 ஆயிரம் குறையும். ஓய்வுக்காலத்தில் ஒரு வருடம் முழுவதும் இருவரும் சாப்பிடும் பணம் அது. ஒழுகும் கூரைக்கு எடுத்தால் அது நியாயமான பேரம், மதிலுக்கு ஓடு பதிக்க எடுத்தால் அல்ல.

நாலாவது, வரி. நிலையான வைப்பு வட்டிக்கு 2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இன்றைய ரூபாவில் பார்த்தால் இவருக்கு வரி வராது. ஆனால் வரி பெயரளவு வட்டிக்குத்தான் போடப்படுகிறது. 18 இலட்சம் என்ற எல்லையை அரசாங்கம் விலைவாசியோடு உயர்த்தாவிட்டால் 20 வருடம் கழித்து இவர்போன்ற சாதாரண ஓய்வாளரும் அதைத் தாண்டியிருப்பார். உண்மை வட்டியே 1 சதவீதமாக இருக்கும் இடத்தில், 7.5 சதவீத வட்டியில் பத்தில் ஒன்று போனால் அந்த ஒன்றில் முக்கால்வாசி போய்விடும்.

## நம் வீட்டுப் பணவீக்கம்

செய்திகளில் அதிகம் அடிபடுவது கொழும்புச் சுட்டெண். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் எல்லா மாகாணங்களையும் சேர்த்தது. இரண்டும் ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடையை அளப்பவை. வயதான இருவரின் கூடையில் மருந்தும் சாப்பாடும் அதிகம், உடுப்பும் படிப்பும் குறைவு. அந்தக் கூடையின் விலை வேறு வேகத்தில் ஏறலாம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வீட்டில் வழமையாக வாங்கும் பதினைந்து பொருட்களை, வாங்கும் அளவோடு, ஒரு கொப்பியில் எழுதுங்கள். அரிசி, தேங்காய், பருப்பு, பால்மா, காஸ் சிலிண்டர், மின்சாரக் கட்டணம், பெற்றோருக்கு மாதம் வாங்கும் மருந்து, பஸ் கட்டணம், மீன். வருடத்துக்கு ஒருமுறை மொத்தத்தைக் கூட்டி, போன வருட மொத்தத்தால் வகுத்தால் வருவது உங்கள் வீட்டுப் பணவீக்கம். திருகோணமலையில் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: எந்த மாதத்தில் எழுதத் தொடங்கினீர்களோ அதே மாதத்தில்தான் மறுபடி எழுதவேண்டும். மாரி காலத்தில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத நாட்களில் மீன் விலை ஏறும், கடல் அமைதியானதும் இறங்கும். ஓகஸ்ட் மீன் விலையை டிசெம்பர் விலையோடு ஒப்பிட்டால் கிடைப்பது பருவத்தின் ஏற்றம், பணவீக்கம் அல்ல.

அதே நாளில் இன்னும் இரண்டு காரியம் செய்துவிடலாம். ஒன்று, ஈ.பி.எப். கணக்கு அறிக்கையை எடுத்து, பன்னிரண்டு மாதப் பங்களிப்பும் சம்பளச் சிட்டையில் உள்ள தொகையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. சம்பளத்தில் பிடித்திருந்தும் கணக்கில் ஏறாத மாதம் இருந்தால், ஐந்தாம் படியில் எழுதிய எண் வெறும் எழுத்துத்தான். அப்படியிருந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடவேண்டும். பத்து வருடம் கழித்துக் கண்டுபிடிப்பதை விட அந்த வருடமே கண்டுபிடித்தால் ஆவணங்கள் கையில் இருக்கும். மற்றது, ஐந்து படிகளையும் புதிய எண்களோடு மறுபடி எழுதுவது. அடுத்த வருடம் அவருக்கு 41. வருடம் 19, செலவு புதிது, நிலுவை புதிது. 94 இலட்சத்து 70 ஆயிரம் என்ற எண் அப்போது அதே அளவில் நிற்காது. விலைவாசி ஏறிய அளவுக்கு அது ஏறியிராவிட்டால், சம்பளம் விலையோடு ஏறவில்லையா அல்லது வட்டி பணவீக்கத்தோடு ஏறவில்லையா என்பதை இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தே கண்டுகொள்ளலாம்.